முப்பத்தாறு ரூபாய்க்குள் இருந்த இரண்டு கிலோமீட்டர்: அல்சூர் பூக்கடை ஒன்றின் ஆட்டோ கணக்கு

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பூக்கடை இருக்கிறது. அதை நடத்தும் அக்கா வாரத்தில் ஆறு நாள் விடியலுக்கு முன்பே சிட்டி மார்க்கெட்டுக்குப் போய் மல்லியும் செவ்வந்தியும் கனகாம்பரமும் எடுத்து வருவார். பூ மண்டி நாலு மணிக்கெல்லாம் சூடு பிடித்துவிடும். ஐந்தரைக்குப் போனால் நல்ல பூ போயிருக்கும். அதனால் போகும் சவாரி எப்போதும் இருட்டில்தான். வெயில் வருவதற்குள் பூ மூட்டையோடு திரும்பிவிடுவார். பிறகு ஃப்ரேசர் டவுன் பக்கம் ஒரு கோயிலுக்கு மாலை கொண்டுபோவது, மாதத்தில் நாலைந்து முகூர்த்தங்களுக்கு ஒயிட்ஃபீல்டில் உள்ள மண்டபத்துக்கு மாலையும் மேடைப் பூவும் கொண்டுபோவது. இவ்வளவும் ஆட்டோவில்தான்.

அக்காவுக்கு ஆட்டோ செலவு பூ விலைக்கு அடுத்த பெரிய செலவு. ஒருநாள் ஸ்டாண்டில் பழக்கமான ஓட்டுநர் ஒருவர் ஒரு ஏற்பாடு சொன்னார். "அக்கா, மாசக் கணக்கா வெச்சுக்கலாம். ஏறினதுக்கு நாப்பது, ஓடற கிலோமீட்டருக்குப் பதினாலு. ராத்திரி பகல் எல்லாம் ஒரே ரேட்டு. மூட்டைக்குத் தனியா கேக்கமாட்டேன்."

மறுபக்கம் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம். பெங்களூருவில் 2025 ஆகஸ்ட் 1 முதல் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 18 ரூபாய். அதற்கு முன் 2021 டிசம்பரிலிருந்து 30 ரூபாயும் 15 ரூபாயுமாக இருந்தது. இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு.

எது லாபம் என்று அக்கா என்னிடம் கேட்டார். நான் மாலையில் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அக்காவின் மகள் என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படிக்கிறாள். அவளையே போடச் சொன்னேன். அவள் போட்டது இது:

```
மீட்டர்:  36 + 18x
மாதக் கணக்கு:  40 + 14x
36 + 18x = 40 + 14x
4x = 4
x = 1
```

ஒரு கிலோமீட்டருக்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் மாதக் கணக்குதான் மலிவு என்று விடை வந்தது. கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. அக்கா அன்றே சரி என்று சொல்லிவிட இருந்தார்.

எனக்கு அந்த விடை மேல் சந்தேகம் வந்ததற்குக் காரணம் இயற்கணிதம் அல்ல, அக்காவின் நோட்டு. கடை வரவு செலவை அவர் தேதி போட்டு எழுதி வைக்கிறவர். அதில் ஃப்ரேசர் டவுன் கோயிலுக்கு மீட்டரில் போன சவாரி 3 கிலோமீட்டர், 54 ரூபாய் என்று இருந்தது. மகள் எழுதிய சமன்பாட்டில் 3 போட்டால் 36 + 54 = 90 வருகிறது. உண்மையில் கொடுத்தது 54, சமன்பாடு சொல்வது 90. இப்படி ஒரு வித்தியாசம் வந்தால் கட்டண அட்டையைச் சமன்பாடாக எழுதியதில்தான் கோளாறு. கணக்கைத் தீர்ப்பதற்கு முன்பே, ஏற்கெனவே கொடுத்த ஒரு சவாரியின் எண்ணைப் போட்டுப் பார்ப்பதை நான் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக்கியது அந்த நாளுக்குப் பிறகுதான்.

கோளாறு எங்கே என்றால், 36 ரூபாய் வெறும் ஏறுகூலி அல்ல. அதற்குள் இரண்டு கிலோமீட்டர் ஓட்டமும் இருக்கிறது. 36 ரூபாயையும் வாங்கி, அந்த முதல் இரண்டு கிலோமீட்டருக்கு மறுபடி 18 வீதமும் வாங்கினால் ஒரே ஓட்டத்துக்கு இரண்டு முறை காசு கொடுத்ததாகிவிடும். அதனால்தான் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டிய சவாரிக்கெல்லாம் சமன்பாடு சரியாக 36 ரூபாய் அதிகம் காட்டியது. ஓட்டுநர் கேட்ட 40 ரூபாய் வேறு சாதி. அதில் ஒரு மீட்டர் தூரம்கூட அடங்கவில்லை. ஏறி உட்கார்ந்தாலே 40, பிறகு முதல் கிலோமீட்டரிலிருந்தே 14.

பள்ளிப் பாடத்தில் இரண்டு விதமான டாக்ஸிக் கணக்கும் வரும். ஒன்றில் "நிலைக்கட்டணமும் கிலோமீட்டருக்கு இவ்வளவும்" என்று இருக்கும், இன்னொன்றில் "முதல் கிலோமீட்டருக்கு இவ்வளவு, அதன்பின் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு" என்று இருக்கும். படிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலக் காதில் விழும். முன்னதில் தூரத்தை அப்படியே பெருக்கலாம். பின்னதில் அடங்கிய தூரத்தைக் கழித்துவிட்டுத்தான் பெருக்க வேண்டும். அந்தப் பிள்ளை முதல் வகையின் அச்சில் இரண்டாம் வகையின் எண்களை ஊற்றிவிட்டாள். பெரியவர்களும் இதையேதான் செய்கிறார்கள். பேச்சில் எல்லோரும் "மினிமம் முப்பத்தாறு" என்றுதான் சொல்கிறோம், "ரெண்டு கிலோமீட்டர் வரைக்கும்" என்ற பாதி விழுங்கப்பட்டுவிடுகிறது.

திருத்தி எழுதினால் இப்படி வரும். தூரம் x என்பது 2 அல்லது அதற்கு மேல் என்றால்,

```
மீட்டர் = 36 + 18(x − 2)
        = 36 + 18x − 36
        = 18x
```

36-உம் 36-உம் அடிபட்டுப் போனதைப் பார்த்து மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கும் அந்த இடம் மிகவும் பிடித்தது. பெங்களூரு மீட்டரில் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் நிலைக்கட்டணம் என்று ஒன்றே கிடையாது. 36 என்பது 18-ன் இரு மடங்காக அமைந்திருப்பதால் நேர்ப் பெருக்கல்தான்: 5 கிலோமீட்டருக்கு 90, 7-க்கு 126, 10-க்கு 180. பழைய கட்டணத்திலும், 30-உம் 15-உம், அதே அமைப்புதான். மினிமம் என்பது இரண்டு கிலோமீட்டருக்குள் இறங்குபவர்களை மட்டும் தொடுகிறது.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. டெல்லியில் 2023 ஜனவரியில் வந்த கட்டணம் முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 11. அங்கே அடங்கிய 1.5 கிலோமீட்டரின் மதிப்பு 16.50 ரூபாய். மீதி 13.50 உண்மையான நிலைக்கட்டணம், எவ்வளவு தூரம் போனாலும் கூடவே வரும். மும்பையில் 2025 பிப்ரவரி முதல் 1.5 கிலோமீட்டருக்கு 26, பிறகு 17.14. பெருக்கிப் பார்த்தால் 25.71, அதாவது கிட்டத்தட்ட பெங்களூரு மாதிரிதான். கட்டண அட்டையில் மினிமம் எவ்வளவு என்பதை மட்டும் வைத்து நிலைக்கட்டணத்தைச் சொல்லிவிட முடியாது. மினிமத்திலிருந்து அடங்கிய தூரத்தின் மதிப்பைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் நிலைக்கட்டணம்.

இப்போது ஒப்பிடலாம்.

```
18x = 40 + 14x
4x = 40
x = 10
```

சமநிலைத் தூரம் 10 கிலோமீட்டர். அங்கே இரண்டும் 180 ரூபாய். பத்துக்குக் கீழே மீட்டர் மலிவு, மேலே மாதக் கணக்கு மலிவு. இரண்டு கிலோமீட்டருக்குள் மீட்டர் 36-லேயே நிற்கும், மாதக் கணக்கு தொடக்கத்திலேயே 40, ஆகவே அங்கேயும் மீட்டர்தான். பகலில் ஒரே ஒரு வெட்டுப்புள்ளி. முதலில் வந்த விடை 1, சரியான விடை 10. அக்காவின் கோயில் சவாரியும் மார்க்கெட் சவாரியும் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகின்றன. பிழை அவ்வளவு தூரத்தையும் தலைகீழாக்கியிருக்கும்.

அக்காவுக்கு இதைச் சமன்பாடு இல்லாமல் சொல்ல வேண்டியிருந்தது. இப்படிச் சொன்னேன்: "அக்கா, அவர்கிட்ட ஏறினதுமே நாப்பது ரூபா பின்தங்கிடறீங்க. ஓட ஓட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நாலு ரூபா மீட்டரைவிட மிச்சமாகுது. நாப்பதை எடுக்க எத்தனை கிலோமீட்டர் ஓடணும்?" அவர் உடனே, "பத்து" என்றார். பின்தங்கிய தொகையைக் கிலோமீட்டருக்கு மிச்சமாகும் தொகையால் வகுப்பதுதான் முழு முறையும்.

இதே வாக்கியத்திலிருந்து இன்னொன்றும் கிடைத்தது. மீட்டர் பக்கம் பத்து ரூபாய் கூடினால் பின்தங்கல் 40-லிருந்து 30 ஆகிறது. சமநிலைத் தூரம் 7.5-க்கு இறங்குகிறது. ஒவ்வொரு பத்து ரூபாயும் அதை இரண்டரை கிலோமீட்டர் இழுக்கிறது. மீட்டர் கட்டணத்தில் 20 கிலோ வரை சாமானுக்குக் காசு இல்லை, அதற்கு மேல் போனால் 10 ரூபாய். காத்திருப்புக்கு முதல் 5 நிமிடம் இலவசம், பிறகு 15 நிமிடத்துக்கு 10 ரூபாய். அக்கா மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது மூட்டை 30 கிலோ வரும். ஆக அந்தச் சவாரிக்குச் சமநிலைத் தூரம் பத்து அல்ல, ஏழரை. அல்சூருக்கும் மார்க்கெட்டுக்கும் இடையே ஏழு. மீட்டரில் 126-உம் மூட்டைக்குப் பத்தும் சேர்ந்து 136, மாதக் கணக்கில் 40 + 98 = 138. இரண்டு ரூபாய் வித்தியாசம்.

இரவுக் கட்டணத்துக்கு வரும்போது கணக்கு இன்னும் சுவாரசியமானது. அந்த இடத்தில் நானே ஒரு பாதியைத் தவறவிட்டேன். ஒன்றரை மடங்கு என்றால் முதல் 2 கிலோமீட்டருக்கு 54, பிறகு கிலோமீட்டருக்கு 27. இரண்டைத் தாண்டினால் மீட்டர் 27x. மாதக் கணக்கு மாறாமல் 40 + 14x. வித்தியாசம் கிலோமீட்டருக்கு 13 ரூபாய், 40-ஐ 13-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.1. மூன்று கிலோமீட்டர் சொச்சத்துக்கு மேல் மாதக் கணக்கு மலிவு என்று எழுதி முடித்துவிட்டேன். விடை சரிதான், ஆனால் முழுமை இல்லை.

அக்காவின் மகள்தான் கிராப் தாளில் இரண்டு கோடுகளையும் வரைந்தாள். மீட்டர்க் கோடு 54-ல் படுத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் வரை நேராகப் போகிறது, பிறகுதான் வேகமாக ஏறத் தொடங்குகிறது. மாதக் கணக்குக் கோடு 40-ல் தொடங்கி மெதுவாக ஏறுகிறது. ஒரு கிலோமீட்டரில் அது 54-ஐத் தொடுகிறது. "அண்ணா, ரெண்டு இடத்துல வெட்டுது" என்றாள். ஆமாம். இரவில் ஒரு கிலோமீட்டருக்குள் மாதக் கணக்கு மலிவு, ஒன்றுக்கும் 3.1-க்கும் இடையில் மீட்டர் மலிவு, அதற்கு மேல் மறுபடி மாதக் கணக்கு மலிவு.

சரிபார்ப்பது எளிது. அரைக் கிலோமீட்டருக்கு மாதக் கணக்கு 47, மீட்டர் 54. இரண்டு கிலோமீட்டருக்கு மாதக் கணக்கு 68, மீட்டர் 54. ஐந்துக்கு 110, மீட்டர் 135. மினிமம் உள்ள கட்டணக் கோடு ஓரிடத்தில் மடங்குகிறது. மடங்கிய கோடும் நேர்கோடும் இரண்டு முறை சந்திக்கலாம். சமன்பாட்டை ஒரு துண்டுக்கு மட்டும் எழுதினால் ஒரு விடை மட்டுமே வரும், இன்னொன்று இருப்பதே தெரியாது. படுத்திருக்கும் பகுதிக்குத் தனியாக 54 = 40 + 14x என்று எழுதினால்தான் அந்த x = 1 கிடைக்கும். கிடைத்த விடை எந்தத் துண்டுக்கு எழுதினோமோ அந்தத் துண்டுக்குள்தான் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். முதலில் தவறாக வந்த பகல் விடைகூட இந்தச் சோதனையில் மாட்டியிருக்கும். x = 1 என்று வந்தபோது, ஒரு கிலோமீட்டருக்கு மீட்டர் வெறும் 36 தானே என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

அக்கா இரவில் அரைக் கிலோமீட்டருக்கு ஆட்டோ எடுக்கப்போவதில்லை. அவருடைய இருட்டுச் சவாரி ஏழு கிலோமீட்டர். மீட்டரில் 189, மாதக் கணக்கில் 138. ஒரு நாளைக்கு 51 ரூபாய் மிச்சம். ஏற்பாட்டின் லாபம் ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரு சவாரியில்தான் இருக்கிறது.

பிறகு நோட்டை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தின் சவாரிகளை வகைப்படுத்தினோம். விடியலுக்கு முன் மார்க்கெட்டுக்கு 24 முறை, பூவோடு திரும்ப 24 முறை, கோயிலுக்கு 30 முறை, ஒயிட்ஃபீல்டுக்கு 4 முறை. ஒயிட்ஃபீல்டு 16 கிலோமீட்டர், அதிலும் சாமானுக்குப் பத்து ரூபாய் உண்டு.

| சவாரி | தூரம் | முறை | மீட்டர், ஒரு முறைக்கு | மாதக் கணக்கு, ஒரு முறைக்கு |
|---|---|---|---|---|
| மார்க்கெட்டுக்கு, இரவு | 7 | 24 | 189 | 138 |
| மார்க்கெட்டிலிருந்து, மூட்டையோடு | 7 | 24 | 136 | 138 |
| கோயிலுக்கு | 3 | 30 | 54 | 82 |
| ஒயிட்ஃபீல்டுக்கு | 16 | 4 | 298 | 264 |

எல்லாம் மீட்டரில் என்றால் மாதம் 10,612 ரூபாய். எல்லாம் மாதக் கணக்கில் என்றால் 10,140. வித்தியாசம் 472 ரூபாய்தான். மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஓட்டுநர் சொன்னது கொஞ்சம் லாபம், அவ்வளவுதான். வகை வகையாகப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. இருட்டுச் சவாரியில் மாதம் 1,224 ரூபாய் மிச்சமாகிறது, கோயில் சவாரியில் 840 ரூபாய் அதில் கரைந்துபோகிறது. அந்த 840 சும்மா போகும் பணம். அது மட்டுமல்ல, மூன்று கிலோமீட்டருக்கு 82 என்பது அரசு கட்டணமான 54-ஐவிட அதிகம், அப்படிக் கொடுக்க அக்காவுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

இந்த இடத்தில் சராசரி எடுக்கும் பழக்கம் ஆளைக் கவிழ்த்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். மாதத்தில் 82 சவாரி, 490 கிலோமீட்டர். சராசரி ஆறு கிலோமீட்டர். சமநிலைத் தூரம் பத்து, சராசரி ஆறு, ஆகவே மீட்டரே மேல் என்று யாராவது ஒரு வரியில் முடித்துவிடலாம். எல்லாச் சவாரியும் பகலில், எல்லாம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், மூட்டை எதுவும் இல்லை என்றால் அந்த ஒரு வரி சரியான விடையையே தரும். அப்போது இரண்டு கட்டணமும் முழுக்க நேர்கோடுதான். அக்காவின் சவாரிகளில் 24 வேறொரு கோட்டில் இருக்கின்றன, அவற்றுக்குச் சமநிலைத் தூரம் மூன்று சொச்சம். பகல் கோட்டையும் இரவுக் கோட்டையும் கலந்து ஒரே சராசரியில் போட்டதும் விடை புரண்டுவிடுகிறது.

ஒவ்வொரு வகைக்கும் மலிவானதை எடுத்தால் மாதம் 9,252. அதைச் சொல்லி, "போறதும் ஒயிட்ஃபீல்டும் அவர்கிட்ட, திரும்புறதும் கோயிலும் மீட்டர்ல" என்றேன். கணக்குப்படி அதுதான் சரி. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"தம்பி, மார்க்கெட் வாசல்ல காலைல ஆறு மணிக்கு மூட்டையோட நிக்கறப்ப மீட்டர் போடறவன் எங்க இருக்கான்? மீட்டருக்கு மேல முப்பதுன்றான். பேசிட்டு நிக்கறதுக்குள்ள மல்லி வாடுது."

அவர் சொன்னது என் அட்டவணையைத் திருத்தியது. நோட்டைப் புரட்டினால் திரும்பும் சவாரிகளில் பாதிக்கு மேல் 150, 155, 160 என்று இருந்தது. நான் ஒப்பிட்டது அட்டையில் உள்ள கட்டணத்தோடு, அவர் கொடுத்து வந்தது வேறு கட்டணம். மீட்டருக்கு மேல் முப்பது என்பதையும் ஒரு திட்டமாக எழுதிவிடலாம்: 30 + 18x. இதை 40 + 14x-ஓடு ஒப்பிட்டால் பின்தங்கல் பத்து ரூபாய்தான், சமநிலைத் தூரம் இரண்டரை கிலோமீட்டர். ஏழு கிலோமீட்டருக்கு 156-க்கு எதிராக 138. மேலே கேட்பது சட்டப்படி தவறு, அதைக் கேட்காதீர்கள் என்று வாதாட அக்காவுக்கு உரிமை உண்டு. ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு முப்பது கிலோ பூவை இறக்கி வைத்துக்கொண்டு வாதாடும் நேரம் அவருக்கு இல்லை. மீட்டர் ஒழுங்காகக் கிடைக்கும் நாளிலும் வித்தியாசம் இரண்டு ரூபாய்தான், மாதத்துக்கு 48. நிச்சயமாக ஒரு ஆட்டோ வாசலில் நிற்பதற்கு 48 ரூபாய் கொடுக்கலாம் என்று அவர் முடிவு செய்தார். நான் அதை மறுக்கவில்லை.

ஆக, மார்க்கெட் போக வர, ஒயிட்ஃபீல்டு மூன்றும் மாதக் கணக்கில். கோயில் மட்டும் மீட்டரில். மாதம் 9,300 ரூபாய். எல்லாவற்றையும் முழு மீட்டரில் போட்டதைவிட 1,312 குறைவு.

ஓட்டுநரோடு உட்கார்ந்து பேசும்போது அவர் கோயில் சவாரியை விட்டுக்கொடுக்கத் தயங்கினார். அவருடைய 40 ரூபாய்க்கு ஒரு நியாயம் இருந்தது. நாலு மணிக்கு வீட்டிலிருந்து காலி வண்டியோடு வந்து கூடைகளை ஏற்றக் காத்திருப்பது தூரத்தைப் பொறுத்ததல்ல, மூன்று கிலோமீட்டருக்கும் பதினாறுக்கும் அந்த வேலை ஒன்றுதான். அது கிலோமீட்டர் கணக்கில் சேராது, ஏறுகூலியில்தான் சேர வேண்டும். கோயிலுக்குப் போகும் நேரத்தில் தெருவிலேயே ஆட்டோ கிடைக்கிறது, அவர் வர வேண்டிய அவசியமே இல்லை என்றதும் ஒத்துக்கொண்டார். இரவு மீட்டரில் 189 கிடைக்கக்கூடிய இடத்தில் 138-க்கு ஏன் வருகிறார் என்று கேட்டேன். அந்த நேரத்தில் ஸ்டாண்டில் நின்றால் 189 தரும் ஆள் தினமும் வருவதில்லை என்றார்.

எழுத வேண்டியிருந்த முக்கியமான விஷயம் கிலோமீட்டரை எதை வைத்து அளப்பது என்பது. மாதக் கணக்கில் மீட்டர் ஓடாது. போன் மேப் ஒரு தூரம் சொல்லும், ஒருவழிப் பாதைகளால் வண்டி ஓடியது இன்னொரு தூரமாக இருக்கும். அரைக் கிலோமீட்டர் கூடினால் 7 ரூபாய், மாதம் 48 சவாரிக்கு 336. இரண்டு ரூபாய்க்கு இவ்வளவு பேசிவிட்டு இதை விட்டுவிட முடியாது. ஒருநாள் போகவும் ஒருநாள் வரவும் மீட்டரைப் போட்டு, அதில் காட்டிய தூரத்தையும் போன் மேப்பையும் ஒப்பிட்டு, மார்க்கெட் என்றால் ஏழு, ஒயிட்ஃபீல்டு மண்டபம் என்றால் பதினாறு என்று நிரந்தரமாக எழுதிக்கொண்டார்கள்.

கோயில் சவாரிக்கு மீட்டரைச் சரிபார்க்கவும் அக்காவின் மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு கிலோமீட்டரைத் தாண்டியபின் மீட்டரில் உள்ள ரூபாயைத் தூரத்தால் வகுத்தால் பகலில் 18-ஐ ஒட்டி வர வேண்டும். காத்திருப்பு இல்லாமலே வேறு எண் வந்தால் கட்டணம் தவறாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் தூரமே வேகமாக ஓடும்படி திருகப்பட்ட மீட்டரில் ரூபாயும் தூரமும் சேர்ந்தே ஏறும், வகுத்தால் அப்போதும் 18-தான் வரும். அதைப் பிடிக்கத் தூரத்தைத்தான் போன் மேப்போடு ஒப்பிட வேண்டும். மூன்று கிலோமீட்டர் சவாரி நாலு என்று காட்டினால் அங்கே சந்தேகப்படலாம்.

நாலு மாதம் கழித்து ஓட்டுநர் மறுபடி வந்தார். கேஸ் விலை ஏறிவிட்டது, கட்டுப்படியாகவில்லை என்றார். "ஒண்ணு நாப்பதை நாப்பத்தஞ்சு ஆக்குங்க அக்கா, இல்ல பதினாலைப் பதினஞ்சு ஆக்குங்க. எதுன்னாலும் சரி."

ஐந்து ரூபாய் உயர்வும் ஒரு ரூபாய் உயர்வும் என்றால் ஒரு ரூபாயைத்தான் பலர் எடுப்பார்கள். அன்று நான் வேறு வேலையாக இருந்தேன், மாலையில்தான் கடைக்குப் போனேன். அதற்குள் அக்காவே நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டு முடித்திருந்தார். அவரிடம் மாதம் ஏறுவது 52 முறை, ஓடுவது 400 கிலோமீட்டர். ஏறுகூலியில் ஐந்து கூட்டினால் 260 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒன்று கூட்டினால் 400 ரூபாய். ஓட்டுநரிடம் நாற்பத்தைந்து என்று சொல்லிவிட்டிருந்தார்.

சமநிலைத் தூரம் இப்போது என்ன ஆகிறது என்று மகள் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். 45-ஐ நாலால் வகுத்து 11.25. மற்றதை எடுத்திருந்தால் 40-ஐ மூன்றால் வகுத்து 13.3 ஆகியிருக்கும். அதன் கீழே இரவுக்கும் தனியாகப் போட்டிருந்தாள்: 45-ஐ 13-ஆல் வகுத்து 3.5, மார்க்கெட் ஏழு, சரி.